பி.எல். வரும் முன்னே சரக்கை விட ஒரு கையெழுத்து

"ஐயா, திண்டுக்கல்லில் இருந்து சின்ன வெங்காயம் ஏற்றுமதி செய்கிறேன். தூத்துக்குடி வழியாக மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு ஒரு நாற்பதடி ரீஃபர், அதாவது குளிர் கன்டெய்னர், அனுப்பினேன். காப்பீடும் கப்பல் கூலியும் சேர்த்த சி.ஐ.எஃப். மதிப்பு 18,000 டாலர். வங்கி வழியாக டி.பி., பணம் கட்டினால்தான் ஆவணம். கன்டெய்னர் இறங்கி இரண்டு நாள் ஆகிறது, வங்கி அனுப்பிய கூரியர் இன்னும் போய்ச் சேரவில்லை. 'வெங்காயம் முளைத்துவிடும், லெட்டர் ஆஃப் இண்டெம்னிட்டி கொடுத்து எடுத்துக்கொள்கிறேன், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்கிறார் வாங்குபவர். கப்பல் ஏற்பாடு செய்து கொடுத்த ஃபார்வர்டர் ஒன்றரைப் பக்கத் தாளை அனுப்பி, 'வெறும் ஃபார்மாலிட்டி சார்' என்கிறார். இந்தப் பார்ட்டியோடு இது மூன்றாவது லோடு. போடலாமா?"

– ஏற்றுமதியாளர், திண்டுக்கல்

போட வேண்டாம். பணம் உங்கள் கணக்கில் ஏறும்வரை போடவே வேண்டாம். ஏறிய பிறகும் இந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் லாரி ஆபீஸை நினைத்துப் பாருங்கள். தெரியாத பார்ட்டிக்குச் சரக்கு அனுப்பும்போது பழைய வியாபாரிகள் லாரி ரசீதான எல்.ஆரில் பெறுபவர் பெயருக்குப் பதில் 'செல்ஃப்' என்று போட்டு, அதை வங்கி வழியாக அனுப்புவார்கள். வாங்குபவர் வங்கியில் பணம் கட்டி எல்.ஆரை வாங்கி, அதை லாரி ஆபீஸில் நீட்டினால்தான் மூட்டை வெளியே வரும். கடல் வழியில் அந்த எல்.ஆரின் இடத்தில் இருப்பதுதான் பில் ஆஃப் லேடிங். ஒரு வித்தியாசம் உண்டு. பி.எல். வழக்கமாக மூன்று அசல்களாக வரும். மூன்றில் எதைக் கொடுத்துச் சரக்கை எடுத்தாலும் மற்ற இரண்டும் செல்லாமல் போகும் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் டி.பி.யில் வியாபாரம் செய்திருப்பதால் உங்கள் பி.எல். 'டு ஆர்டர்' என்றோ வங்கியின் ஆர்டருக்கு என்றோ எடுக்கப்பட்டிருக்கும். அதாவது அந்த மூன்று காகிதமும் யார் கையில் முறைப்படி இருக்கிறதோ அவர்தான் கன்டெய்னருக்குப் பாத்தியதை உள்ளவர். இப்போது அவை கூரியர் பையில் இருக்கின்றன. வாங்குபவர் இன்னும் ஒரு ரிங்கிட் கூடக் கட்டவில்லை.

அசல் இல்லாமல் சரக்கை விட்டால் கப்பல் கம்பெனிக்கு என்ன ஆகும் என்பதில்தான் இந்தத் தாளின் கதை தொடங்குகிறது. நாளைக்கே ஒருவர் அசல் பி.எல்லோடு வந்து "என் சரக்கு எங்கே" என்று கேட்டால், கப்பல் கம்பெனி அதன் முழு மதிப்பையும் கட்டித்தான் ஆக வேண்டும். சரக்கு சேதம், மோதல் போன்ற பொறுப்புகளுக்குக் கப்பல்காரர்கள் பி அண்ட் ஐ கிளப் என்ற பரஸ்பரக் காப்பீட்டில் சேர்ந்திருப்பார்கள். ஆனால் அசல் பி.எல். வாங்காமல் சரக்கைக் கொடுத்து அதனால் வரும் நஷ்டத்தை அந்தக் கிளப்புகள் பொதுவாகக் காப்பீட்டில் சேர்ப்பதில்லை. 'நீயாகச் செய்த காரியம், நீயே பார்த்துக்கொள்' என்பதுதான் விதி. ஆகவே கப்பல் கம்பெனி தனக்கென்று இன்னொரு காப்பீட்டைத் தேடுகிறது. வேறொருவர் தன் சொத்தை முன்வைத்து, 'இதனால் உனக்கு என்ன வந்தாலும் நான் தருகிறேன்' என்று எழுதிக் கொடுக்கும் கடிதம்தான் எல்.ஓ.ஐ. உங்களைக் கேட்பது ஃபார்மாலிட்டி அல்ல. காப்பீட்டுக் கம்பெனியே ஏற்க மறுத்த ஒரு ரிஸ்க்கைத் திண்டுக்கல்லில் இருக்கும் நீங்கள் பிரீமியமே வாங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

இது எல்லோருக்கும் பொதுவான விஷயம். உங்கள் நிலைமையில் இன்னொரு வினோதமும் இருக்கிறது. பல ஏற்றுமதியாளர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வாங்குபவர் மட்டும் எல்.ஓ.ஐ. கொடுத்து, கப்பல் கம்பெனி அதை நம்பிக் கன்டெய்னரை விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் பணம் கட்டவில்லை. ஆவணம் வங்கியில் கிடந்து உங்களிடமே திரும்பி வருகிறது. அப்போது உங்கள் கையில் மூன்று அசல்கள் இருக்கும். கப்பல் கம்பெனியிடம் போய் 18,000 டாலர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, எல்.ஓ.ஐ.யைத் தூக்கிக்கொண்டு வாங்குபவரைத் துரத்துவார்கள். அது அவர்கள் பாடு.

இப்போது அதே கதையில் உங்கள் கையெழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். பணம் வரவில்லை, கப்பல் கம்பெனியைக் கேட்கிறீர்கள். அவர்கள் நீங்கள் கையெழுத்திட்ட அதே தாளை எடுத்து மேஜையில் வைப்பார்கள். 'இந்த டெலிவரியால் எனக்கு என்ன நஷ்டம் வந்தாலும் தருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களுக்கு 18,000 தர வேண்டும் என்றால் அதுவே என் நஷ்டம், அதை நீங்கள் எனக்குத் தர வேண்டும்.' கணக்கு அங்கேயே நேராகிவிடும். உங்கள் வலது கைக்கு வர வேண்டிய பணத்தை இடது கையே கொடுக்க வேண்டும். சரக்கும் போய், கப்பல்காரர் மேல் இருந்த பிடியும் போய், முகம் பார்த்திராத ஒரு வாங்குபவரின் நாணயம் மட்டும் மிச்சம் இருக்கும்.

இதில் வங்கியும் நடுவே வரலாம். இந்த பில்லின் பேரில் நீங்கள் டிஸ்கவுண்ட் செய்து பணம் எடுத்தீர்களா என்று எழுதவில்லை. எடுத்திருந்தால் ஆவணம் இப்போது உங்கள் வங்கியின் பிடியில் இருக்கிறது, கப்பல் கம்பெனி மேல் வழக்குப் போடும் வசதி வங்கிக்கும் உண்டு. வங்கி கப்பல்காரரைக் கேட்கும், கப்பல்காரர் எல்.ஓ.ஐ.யை வைத்து உங்களைக் கேட்பார். வங்கிக்குத் தெரியாமல் சரக்கை விடச் சம்மதித்தீர்கள் என்ற புகார் வேறு. ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் இ.சி.ஜி.சி.யின் பாலிசி வைத்திருந்தால் அங்கேயும் இதே கேள்வி எழும், ஏனென்றால் அவர்கள் ஏற்றுக்கொண்டது டி.பி. வியாபாரத்தைத்தான், கையில் காசில்லாமல் சரக்கை விடும் வியாபாரத்தை அல்ல.

சட்டம் இப்படித்தான் போகும் என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ராம்ப்ளர் சைக்கிள் கம்பெனி சிங்கப்பூருக்குச் சைக்கிள் உதிரி பாகங்களைக் கப்பலில் அனுப்பியது. உங்களைப் போலவே வங்கி வழியாக ஆவணம் அனுப்பி, பணம் கட்டினால் கொடு என்று சொல்லியிருந்தார்கள். அங்கே ஆவணம் பாங்க் ஆஃப் சைனாவில் காத்திருந்தது. வாங்குபவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஸே ஹாய் டோங் என்ற இன்னொரு வங்கியைக் கூட்டாகக் கையெழுத்திட வைத்து ஒரு இண்டெம்னிட்டி கொடுத்து, கப்பல் ஏஜென்டிடம் சரக்கை எடுத்துக்கொண்டார். பணம் கட்டவே இல்லை. ராம்ப்ளர் கப்பல் கம்பெனி மேல் வழக்குப் போட்டது, கப்பல் கம்பெனி இண்டெம்னிட்டி கொடுத்த வங்கியை இழுத்து வந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1959இல் முடிந்தது. பி.எல். இல்லாமல் சரக்கைக் கொடுக்கும் கப்பல்காரர் அதைத் தன் ஆபத்தில்தான் செய்கிறார் என்று தீர்ப்பு வந்தது. கப்பல் கம்பெனி ராம்ப்ளருக்குக் கொடுக்க வேண்டும், கையெழுத்திட்ட வங்கி கப்பல் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். ராம்ப்ளருக்குப் பணம் கிடைத்ததற்குக் காரணம், அந்த இண்டெம்னிட்டியில் ராம்ப்ளரின் கையெழுத்து இல்லை. நீங்கள் அந்தக் கதையில் ராம்ப்ளராக இருங்கள், ஸே ஹாய் டோங்காக ஆகிவிடாதீர்கள்.

சரி, அந்த ஒன்றரைப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது? நீங்கள் இணைத்திருந்த தாளைப் பார்த்தேன். பி அண்ட் ஐ கிளப்புகளின் கூட்டமைப்பு தரும் 'ஏ' படிவத்தை ஒட்டியது. உலகம் முழுக்க இதே வாசகம்தான் ஓடும், ஃபார்வர்டர்கள் தலைப்பை மட்டும் மாற்றுவார்கள். ஆங்கிலம் கோர்ட்டு ஆங்கிலம் என்பதால் பலர் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். மூன்று இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதல் பத்தி, இந்த டெலிவரியால் கப்பல்காரருக்கும் அவருடைய ஆட்களுக்கும் வரும் 'எந்த விதமான' பொறுப்பு, நஷ்டம், சேதம், செலவு ஆனாலும் நீங்கள் ஈடு செய்வீர்கள் என்கிறது. தொகை எங்கும் இல்லை. 18,000 டாலர் சரக்கு என்பதால் உங்கள் பொறுப்பு 18,000 டாலரோடு நிற்கும் என்று நினைக்காதீர்கள். அடுத்த பத்திகளில் வழக்கு வந்தால் அதை நடத்த நீங்கள் பணம் தர வேண்டும், கப்பல் ஏதாவது துறைமுகத்தில் பிடித்து வைக்கப்பட்டால் அதை விடுவிக்க ஜாமீன் தர வேண்டும் என்று வரும். ஒரு வெங்காயக் கன்டெய்னருக்காகக் கப்பலைப் பிடித்து வைப்பார்களா என்று கேட்கலாம். அபூர்வம்தான். ஆனால் எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். வழக்கு லண்டன் கோர்ட்டில், இங்கிலாந்து சட்டப்படி என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அங்கே வக்கீலுக்கு முதல் கடிதம் எழுத ஆகும் செலவிலேயே உங்கள் ஒரு லோடு லாபம் போய்விடும்.

இரண்டாவது இடம், இந்தக் கடிதம் எப்போது தீரும் என்பது. மூன்று அசல் பி.எல்லும் கப்பல் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகுதான் பொறுப்பு நீங்கும் என்று இருக்கும். தேதி கிடையாது. சரக்கு போய்விட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள், அசல் ஒன்று ஏதோ ஒரு மேஜை டிராயரில் கிடக்கிறது. அதுவரை கடிதம் உயிரோடுதான் இருக்கும்.

மூன்றாவது, 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்ற வரி. இதுதான் இருவர் கையெழுத்திடும் தாளில் ஆளைக் கவிழ்ப்பது. வாங்குபவர் பாதி, நான் பாதி என்று பொருள் அல்ல. முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், முதலில் வாங்குபவரைத் துரத்திவிட்டு உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கப்பல் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் ஆபீஸ் இருக்கும், நீங்கள் அடுத்த மாதமும் அவர்களிடம்தான் புக்கிங் கேட்டுப் போவீர்கள். இருவரில் யாரைப் பிடிப்பது சுலபம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் ஒரு ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் மேஜையில் நான் இருந்த நாளில் இப்படி ஒரு கையெழுத்தை வாங்கிக் கோப்பில் வைத்தவன் நானேதான். தென்னை நார்க் கட்டி அனுப்பும் ஒருவர், மூன்று கன்டெய்னர். அவருடைய வாங்குபவர் ஏமாற்றுக்காரர் கிடையாது. கன்டெய்னர்களை எடுத்த பிறகு, கட்டியில் ஈரம் அதிகம் என்று நான்கு போட்டோ அனுப்பி, விலையில் 30 சதவீதம் குறை என்றார். அவ்வளவுதான் நடந்தது. நார்க்காரர் வாதாடினார், ஈரமானி ரிப்போர்ட் காட்டினார். ஆனால் சரக்கு வாங்குபவர் கோடவுனில், பேரமும் வாங்குபவர் கையில். 'முழுப் பணம் கட்டினால்தான் ஆவணம்' என்று வங்கி சொல்லியும் பயன் இல்லை, ஆவணத்துக்கு இனி மதிப்பே இல்லையே. எட்டு மாதம் இழுத்து, கேட்டதைக் குறைத்துக்கொண்டு முடித்தார். அசல் பி.எல்கள் திரும்பி வந்தபோது அவரே கொண்டு வந்து என் மேஜையில் வைத்து, 'அந்தத் தாளைக் கொடுங்க, நானே கிழிக்கிறேன்' என்றார்.

உங்கள் விஷயத்திலும் நான் பயப்படுவது மோசடியைவிட இந்த மாதிரி பேரத்தைத்தான். மூன்றாவது லோடில் ஒருவர் திடீரென்று திருடராகிவிட மாட்டார். ஆனால் அங்கே சந்தையில் சின்ன வெங்காயம் விலை இறங்கியிருந்தால், சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு 'கால்வாசி முளைத்துவிட்டது' என்று சொல்ல யாருக்கும் மனம் வரும். டி.பி. என்று நீங்கள் போட்டதே இதைத் தடுக்கத்தான்.

இப்போது அவசரத்தைக் கொஞ்சம் எடை போட்டுப் பார்க்கலாம். வெங்காயம் முளைத்துவிடும் என்கிறார். கன்டெய்னர் ரீஃபர், டெர்மினலில் கரண்டில் செருகியிருக்கும், நீங்கள் புக்கிங்கில் கொடுத்த வெப்பநிலையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் வெப்பநிலைப் பதிவைக் கப்பல் கம்பெனியிடம் கேளுங்கள், தருவார்கள். ஆகவே காத்திருப்பதன் விலை அநேகமாக வெங்காயத்தில் இல்லை, வாடகையில் இருக்கிறது. கரண்ட், டெர்மினல் இடம், கன்டெய்னர் தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 150 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், கூரியர் சேர இன்னும் ஆறு நாள் என்றால் 900 டாலர். இலவச நாட்கள் மிச்சம் இருந்தால் இன்னும் குறைவு. உண்மையான கட்டணத்தை அங்குள்ள ஏஜென்டிடம் கேட்டு, அதை 18,000க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தேவைப்பட்டால் அந்த 900இல் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று வாங்குபவரிடம் சொல்லுங்கள். அப்படிச் செய்தால்கூட இந்தக் கையெழுத்தைவிட மலிவு.

இன்னொரு விஷயம், இதை முதலில் பாருங்கள். கூரியர் உறையில் வேறு என்ன இருக்கிறது? தாவர நலச் சான்றிதழ், நாம் பைட்டோ என்கிறோமே, அதன் அசலும் அதே உறையில் போயிருந்தால், கப்பல் கம்பெனி கன்டெய்னரை விட்டாலும் அங்கே தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவில் அது நிற்க வாய்ப்பு இருக்கிறது. எல்.ஓ.ஐ. கப்பல்காரருக்கு மட்டும்தான், அரசாங்கத்துக்குச் செல்லாது. பைட்டோ இல்லாமல் சரக்கு வெளியே வராது என்றால் இந்த எல்.ஓ.ஐ.யே வீண் வேலை. அவருடைய கிளியரிங் ஏஜென்டிடம் நேராகக் கேளுங்கள்: பி.எல். பிரச்சினை தீர்ந்தால் இன்றைக்கே சரக்கு வெளியே வருமா? ஆம் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் அவசரம் உங்களுடையது அல்ல.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் வங்கியில் கூரியர் எண் வாங்கி, பை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நான் ஆறு நாள் என்று வைத்துக்கொண்டது இரண்டு நாளாகவும் இருக்கலாம்.

வாங்குபவருக்கு ஒரு வழியைக் காட்டுங்கள். 'உங்கள் வங்கியிடம் ஷிப்பிங் கியாரண்டி கேட்டு வாங்கிக் கப்பல் கம்பெனிக்குக் கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் சொல்ல எதுவும் இல்லை, ஆனால் நான் கையெழுத்திட மாட்டேன்.' அது அவருடைய வங்கியும் சேர்ந்து கையெழுத்திடும் எல்.ஓ.ஐ. கப்பல் கம்பெனிகள் விரும்புவதும் இதைத்தான். தனி ஆளின் தாளை நம்புவதில்லை என்பதால் சி.ஐ.எஃப். மதிப்பின் ஒன்று முதல் இரண்டு மடங்குக்கு வங்கி உத்தரவாதம் கேட்பது வழக்கம். உங்கள் சரக்குக்கு அதிகபட்சம் 36,000 டாலர். அவருடைய வங்கி மறுக்கிறதா? பல வருடமாக அவர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் வங்கியே அவரை நம்பி இந்தத் தொகைக்குக் கையெழுத்திடாது என்றால், இரண்டு லோடு பழக்கத்தில் நீங்கள் ஏன் இட வேண்டும்? இந்தக் கேள்வியை அவரிடம் இப்படியே கேட்கலாம், தவறில்லை.

பணத்தை உங்கள் கணக்குக்கு நேரடியாக வயர் டிரான்ஸ்ஃபரில் அனுப்பிவிடுகிறேன் என்று அவர் சொன்னால், அதுதான் இருப்பதில் நல்ல வழி. ஆனால் பணம் அனுப்பியதாக வங்கி தரும் ஸ்விஃப்ட் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 'பணம் போட்டாச்சு' என்பார். அந்த பி.டி.எஃப். பணம் அல்ல. திருத்தப்பட்ட நகல்களும் உண்டு, அனுப்பிய பிறகு திரும்ப அழைக்கப்பட்ட பணமும் உண்டு. உங்கள் வங்கி 'கிரெடிட் ஆகிவிட்டது' என்று சொன்ன பிறகு அடுத்த வேலையைப் பாருங்கள். பணம் வந்ததை வங்கிக்கு எழுதிக் கொடுத்து, ஆவணத்தைப் பணம் வாங்காமலே வாங்குபவரிடம் ஒப்படைக்க அங்குள்ள வங்கிக்குச் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டியிருக்கும், அசல்களும் கப்பல் கம்பெனிக்குப் போய்ச் சேராது.

பணம் ஏறிய பிறகு கப்பல் கம்பெனிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு நான்கு வரிக் கடிதம் மட்டும். இந்த பி.எல். எண், இந்தக் கன்டெய்னர் எண், இதற்கான தொகை கிடைத்துவிட்டது, இந்தப் பெயர் கொண்டவருக்கு டெலிவரி கொடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. 'ஈடு செய்வேன்', 'பொறுப்பேற்பேன்' என்ற சொல் அதில் வரக்கூடாது. இதையும் பணத்துக்கு முன்னால் கொடுத்துவிடாதீர்கள். இண்டெம்னிட்டி இல்லாத வெறும் சம்மதமாக இருந்தாலும், 'ஷிப்பரே விடச் சொன்னார்' என்று பிறகு அவர்கள் அதைக் காட்டுவார்கள். பி.எல். வங்கியின் ஆர்டருக்கு இருந்தால் வங்கியின் சம்மதமும் கடிதத்தில் வேண்டும்.

ஃபார்வர்டர் விஷயம் கொஞ்சம் தனி. உங்கள் கையில் இருந்து போனது கப்பல் கம்பெனியின் பி.எல்லா, ஃபார்வர்டரின் ஹவுஸ் பி.எல்லா என்று பாருங்கள். தாளின் தலையில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால் தெரியும். ஹவுஸ் பி.எல். என்றால் உங்கள் கணக்கில் கப்பல்காரர் அவர்தான், அசல் இல்லாமல் சரக்கை விட்டால் நஷ்டம் அவர் தலையில் விழும். அந்தத் தலைச்சுமையைத்தான் உங்கள் தலைக்கு மாற்றித் தரச் சொல்கிறார். கெட்டவர் என்று சொல்லவில்லை, ஆனால் 'ஃபார்மாலிட்டி' என்று சொன்னால், 'அப்படியானால் நீங்களே ஒற்றைக் கையெழுத்தில் கொடுத்துவிடுங்களேன்' என்று சொல்லிப் பாருங்கள். முகபாவம் மாறுவதைப் பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ வியாபாரக் காரணத்துக்காகக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், தொகைக்கு ஒரு உச்சவரம்பு, முடிவு தேதி, 'தனித்தனியாகவும்' என்ற சொல்லை நீக்குதல், இந்த மூன்றையும் கேளுங்கள். படிவத்தை மாற்ற மாட்டோம் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலும் உங்களுக்கு ஒரு தகவல்தான். உங்கள் வங்கியின் உத்தரவாதத்தையே அவர்கள் கேட்டால், அதற்கு வங்கி மார்ஜின் பிடிக்கும், அசல்கள் திரும்பும்வரை அந்தப் பணம் முடங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இன்றைக்கே மாலைக்குள் கப்பல் கம்பெனியின் தூத்துக்குடி ஆபீஸுக்கும் ஃபார்வர்டருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அசல் பி.எல். கொடுத்தால் மட்டும் டெலிவரி, அசல் இல்லாமல் விட நாங்கள் யாருக்கும் அனுமதி தரவில்லை, இந்தச் சரக்குக்காக எல்.ஓ.ஐ. எதிலும் கையெழுத்திடவில்லை என்று. வாங்குபவரே எல்.ஓ.ஐ. கொடுத்து எடுத்துவிட்டால், கோபப்படாமல் பி.எல்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.

அடுத்த லோடில் இந்தச் சிக்கலே வராமல் செய்யலாம். கிள்ளான் தூரம் கம்மி. கொழும்பில் கப்பல் மாறினாலும் சரக்கு சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடும், வங்கி வழி ஆவணம் அதற்குப் பிறகுதான் சேரும். இந்த வழித்தடத்தில் டி.பி. பெரும்பாலும் இப்படித்தான் இடறும். பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு, அசல்களை வங்கிக்கு அனுப்பாமல் உங்களிடமே வையுங்கள். கப்பல் கிளம்பியதும் மீதிப் பணம் ஏறட்டும். ஏறியதும் மூன்று அசலையும் பின்னால் கையெழுத்திட்டுத் தூத்துக்குடி ஆபீஸிலேயே ஒப்படைத்தால், அவர்கள் கிள்ளான் ஏஜென்டுக்கு 'டெலக்ஸ் ரிலீஸ்' செய்தி அனுப்புவார்கள். டெலக்ஸ் மெஷின் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம், மின்னஞ்சல்தான் போகும். சாதாரணமாக ஒரு வேலை நாளில் முடிந்துவிடும். கூரியரும் இல்லை, எல்.ஓ.ஐ.யும் இல்லை. ஒப்படைக்கும்போது 'சரண்டர்' முத்திரை குத்திய நகல் ஒன்று வாங்கி வையுங்கள், மூன்று அசலும் எண்ணிக் கொடுத்ததற்கு அதுதான் ரசீது.